“மாற்று விதை தருவோம், பணம் தர மாட்டோம்” என்றால்... பணம் கேட்கும் உரிமை எப்போது உண்டு?

அரக்கோணம், நெமிலி, திருத்தணி வட்டாரங்களில் ஆடிப்பட்ட நிலக்கடலைக்கு விதை வாங்கும் விவசாயிகள், கடைச் சுவரிலோ பட்டியலின் அடியிலோ ஒரு வரியைப் பார்த்திருப்பார்கள். “விதை மாற்றித் தரப்படும், பணம் திருப்பித் தரப்பட மாட்டாது” என்பது அந்த வரி. சில கடைகளில் “விற்ற பொருள் வாபஸ் பெறப்பட மாட்டாது” என்றே அச்சிட்டிருக்கும். இதைப் படித்துவிட்டு, விதை முளைக்காமல் போனாலும் கடைக்காரர் தரும் இன்னொரு மூட்டையை வாங்கிக்கொண்டு திரும்புவதைத் தவிர வழியில்லை என்று பலர் நினைக்கிறார்கள். இது சரியல்ல. அந்த வரி செல்லும் இடம் ஒன்று, செல்லாத இடம் ஒன்று. இரண்டையும் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும்.

எங்கே செல்லும், எங்கே செல்லாது?

வாங்கிய விதை நல்ல விதை. ஆனால் விவசாயி ஒரு ஏக்கருக்குப் பதில் இரண்டு ஏக்கருக்கு வாங்கிவிட்டார், அல்லது மழை தவறியதால் கடலையை விட்டுவிட்டு எள் விதைக்க முடிவு செய்தார். இப்போது மூட்டையைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்டால், கொடுத்தே தீரவேண்டும் என்று சட்டம் கடைக்காரரைக் கட்டாயப்படுத்தவில்லை. பொருளில் குறையில்லை, வாங்கியவரின் தேவைதான் மாறியிருக்கிறது. இங்கே கடைக்காரர் வைத்த நிபந்தனை செல்லும். அவர் வேறு விதை மாற்றிக் கொடுத்தால் அது அவருடைய பெருந்தன்மை.

குறை விதையிலேயே இருந்தால் நிலைமை வேறு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு அதன் விலையைத் திருப்பித் தர மறுப்பதை, முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாக இந்தச் சட்டம் சேர்த்திருக்கிறது. பட்டியலில் காலக்கெடு குறித்திருந்தால் அந்தக் கெடுவுக்குள், எதுவும் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள் என்பது கணக்கு. சட்டம் சொல்வது விலையைத் திருப்பித் தருவதைப் பற்றி என்பது கவனிக்கத்தக்கது. ஆகவே குறையுள்ள விதைக்கு “மாற்று மட்டுமே” என்ற வாசகம் விவசாயியின் உரிமையை அடைத்துவிடாது.

மாற்று விதையை வாங்கவே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பட்டம் தவறாமல் நல்ல மாற்று விதை கிடைத்தால், பணத்தைவிட அதுவே விவசாயிக்கு மேல். எப்போது மாற்று விதை உதவும், எப்போது பணமே கேட்க வேண்டும் என்பதைக் காலண்டர்தான் தீர்மானிக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு விவசாயி ஒரு ஏக்கருக்கு 80 கிலோ விதைக்காயை ஜூன் 10-ஆம் தேதி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிலோ ரூ.100 வீதம் விலை ரூ.8,000. மூட்டையில் தைத்துள்ள அட்டையில் முளைப்புத்திறன் 70 சதவீதம் என்று இருக்கிறது. நிலக்கடலைக்குச் சான்று விதைத் தரத்தின்படி இருக்கவேண்டிய குறைந்த அளவும் இதுவே.

வாங்கிய மறுநாளே அவர் மூட்டையின் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலும் சிறிது காய் எடுக்கிறார். அவற்றை உடைத்து, கைக்கு வந்தபடி 100 பருப்புகளை எண்ணி எடுக்கிறார். நல்ல பருப்பாகப் பொறுக்கி எடுத்தால் கணக்குத் தவறிவிடும். ஈரச் சாக்கின் மேல் 25 பருப்புகள் கொண்ட நான்கு வரிசைகளாகப் பரப்பி, சாக்கைச் சுருட்டி நிழலில் வைத்து, காயாமல் நீர் தெளித்து வருகிறார். நிலக்கடலைக்கு ஐந்தாம் நாள் முதல் எண்ணிக்கை, பத்தாம் நாள் கடைசி எண்ணிக்கை. வேரும் தண்டும் ஒழுங்காக வந்த நாற்றுகளை மட்டுமே முளைத்தவையாகக் கணக்கிட வேண்டும். கோணல் முளையும் அழுகிய முளையும் கணக்கில் சேரா.

ஜூன் 21-இல் எண்ணிப் பார்த்தால் நூற்றுக்கு 44 மட்டுமே முளைத்திருக்கின்றன. மூட்டையிலுள்ள மற்றக் காய்கள் இன்னும் உடைக்கப்படாமல் அப்படியே இருக்கின்றன. இதுதான் விவசாயிக்கு மிகச் சாதகமான நிலை. திருப்பிக் கொடுக்கப் பொருள் கையில் இருக்கிறது. பட்டியல் போட்டு 30 நாள் ஆகவில்லை. விதைப்புக்கும் நாள் இருக்கிறது.

இப்போது கடைக்காரர் வேறு விதைக் குவியலைச் சேர்ந்த அதே இரக விதையை உடனே கொடுத்தால், வாங்கிப் பத்து நாள் சோதித்தாலும் ஜூலை முதல் வாரத்தில் விதைத்துவிடலாம். மாற்று விதையை ஏற்பதில் நஷ்டமில்லை. ஆனால் அட்டையில் உள்ள குவியல் எண்ணைப் பார்க்க வேண்டும். பழைய எண்ணே புதிய மூட்டையிலும் இருந்தால், அதே குறை திரும்ப வரும் என்றே எதிர்பார்க்க வேண்டும். வேறு குவியல் இல்லை, வேறு இரகம்தான் இருக்கிறது, அடுத்த மாதம் வரும் என்பன போன்ற பதில்கள் வந்தால், மூட்டையை ஒப்படைத்துவிட்டு ரூ.8,000-ஐத் திருப்பிக் கேட்க வேண்டியதுதான்.

விதைத்த பின் தெரிந்தால்?

அதே விவசாயி சோதித்துப் பார்க்காமல் ஜூலை 1-இல் விதைத்துவிட்டார் என்று கொள்வோம். செடிக்குச் செடி 10 செ.மீ., வரிசைக்கு வரிசை 30 செ.மீ. இடைவெளியில் விதைத்தால், ஒரு சதுர மீட்டரில் 33 குழிகள் வரும். ஜூலை 12-இல் ஐந்து இடங்களில் சதுர மீட்டர் அளந்து எண்ணினால் சராசரி 14 செடிகளே நிற்கின்றன. கடைக்காரர், “25-ஆம் தேதி புதுச் சரக்கு வரும், மாற்றித் தருகிறேன்” என்கிறார்.

இந்த மாற்று விதையால் என்ன பயன் என்று பார்ப்போம். 105 நாள் இரகத்தை ஜூலை 1-இல் விதைத்தால் அக்டோபர் 14 வாக்கில் பறிக்கலாம். ஜூலை 25-இல் விதை வாங்கி, முளைப்புப் பார்த்து, மழை ஈரம் கண்டு ஆகஸ்டு 5-இல் விதைத்தால் அறுவடை நவம்பர் 18 வாக்கில் வரும். இந்த வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் நாட்கள் அவை. முற்றிய கடலை ஈர நிலத்தில் கிடந்தால் காய்க்குள்ளேயே முளைத்துவிடும். சேற்றில் பறிக்கும்போது காய்கள் அறுந்து மண்ணில் தங்கும், பறித்ததை உலர்த்தவும் வெயில் இராது. ஆகவே ஜூலை 25-இல் வரும் மூட்டை, ஜூன் 10-இல் வாங்கிய மூட்டைக்கு மாற்று ஆகாது. இதை எழுத்தில் கூறிப் பணமே கேட்பது நியாயமான கோரிக்கை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. விதைத்த விதையைத் தோண்டி எடுத்துத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆகவே இந்த நிலையில் கேட்பது வெறும் “வாபஸ்” அல்ல. விதையின் விலையும், உழவு, விதைப்புக் கூலி, உரம் ஆகியவற்றுக்கான செலவும், இழந்த மகசூலும் சேர்ந்த இழப்பீட்டையே கேட்க வேண்டும். பட்டியல் தேதியிலிருந்து 30 நாள் கடந்துவிட்டதே என்று தயங்க வேண்டியதில்லை. குறையுள்ள பொருளுக்காக நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

குறை விதையிலா, வயலிலா?

செடி குறைந்ததெல்லாம் விதையின் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. விதை நிறுவனத்தின் முதல் வாதமும் இதுவாகவே இருக்கும். ஆகவே முளைக்காத குழிகளை நிதானமாகத் தோண்டிப் பார்க்க வேண்டும்.

பருப்பு முளைவிட்டு, குருத்து மேலே வரமுடியாமல் மண்ணுக்குள் வளைந்து கிடந்தால், மண் இறுகியதோ விதை ஆழமாக விழுந்ததோ காரணம். 5 செ.மீ.-க்கு மேல் ஆழம் போன விதைக்கு இந்தத் தொல்லை வரும். பருப்பின் மேல் கறுப்புப் பொடி படிந்து அழுகியிருந்தால் அது பூசணம். விதை நேர்த்தி செய்யாத வயலில் இது மிகுதி. பருப்பே இல்லாமல் தோல் மட்டும் இருந்தால் எறும்போ கறையானோ தின்றிருக்கும். நல்ல ஈரத்தில் சரியான ஆழத்தில் கிடந்தும், உப்பிப்போய் வேர் நீட்டாமல் பெரும்பாலான குழிகளில் பருப்பு கிடந்தால் சந்தேகம் விதையின் மேல் விழும். அதே நாளில் அதே ஈரத்தில் வேறு குவியல் விதைத்த பக்கத்து வயலில் பயிர் நிறைந்து நின்றால், அந்தச் சந்தேகம் வலுப்படும்.

எந்த வயலிலும் ஆய்வுக்கூடத்தில் முளைக்கும் அளவு முளைப்பதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. 70 சதவீத விதை என்றால் சதுர மீட்டருக்கு 23 செடிகள் எதிர்பார்க்கலாம். வயலில் 20 செடிகள் நின்றால் அதைக் கொண்டு வழக்காட முடியாது.

ஆதாரம் சேர்க்கும் வழி

குறை தென்பட்டவுடன் செய்யவேண்டியது, வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கும் விதை ஆய்வாளருக்கும் எழுத்து மூலம் புகார் கொடுப்பதாகும். 1968-ஆம் ஆண்டின் விதை விதிகளில் இதற்கெனத் தனி விதி இருக்கிறது. அறிவிக்கப்பட்ட இரகத்தின் விதை தரக் குறைவால் பயிர் கெட்டது என்று விவசாயி எழுதிக் கொடுத்தால், விதை ஆய்வாளர் அட்டை, சாக்கு, மீதி விதை ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டு, அந்தக் குவியலின் மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பிக் காரணத்தை ஆராய வேண்டும். ஆகவே சாக்கையும் அட்டையையும் தூக்கி எறியக் கூடாது. கால் கிலோ விதையாவது விதைக்காமல், கட்டி முத்திரையிட்டு வைப்பது நலம்.

விவசாயி தானே கொண்டுபோய்க் கொடுக்கும் மாதிரியையும் விதைப் பரிசோதனை நிலையத்தில் சோதித்துத் தருவார்கள். நிலையத்தில் 400 பருப்புகளை வைத்து எண்ணுவதால் வீட்டுச் சோதனையைவிட இது உறுதியானது. ஆனால் பிரித்த மூட்டையிலிருந்து எடுத்த மாதிரி என்பதால், “இது எங்கள் விதைதானா?” என்று நிறுவனம் கேட்க இடமுண்டு. கடையில் விற்காமல் இருக்கும் அதே குவியல் மூட்டையிலிருந்து விதை ஆய்வாளர் எடுக்கும் மாதிரிக்கு இந்தக் குறை இல்லை. அவர் அதை மூன்றாகப் பிரித்து முத்திரையிட்டு, ஒரு பங்கை விற்பவரிடமே கொடுத்து, ஒரு பங்கைப் பரிசோதனைக்கு அனுப்பி, மூன்றாவதைப் பாதுகாப்பில் வைப்பார். சரக்கு விற்றுத் தீருமுன் இது நடக்க வேண்டும். அதனால்தான் புகாரைத் தாமதிக்கக் கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை பட்டியல். இரகம், குவியல் எண், அளவு, விலை எழுதிய பட்டியல் இல்லாவிட்டால், விதை அந்தக் கடையில் வாங்கியதுதான் என்று காட்டுவது கடினம். விதை விற்பவர் பட்டியல் தரவேண்டும் என்பது 1983-ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணை. துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தால் அதை ஏற்றுக்கொள்ளக் கூடாது.

உச்ச நீதிமன்றம் சொன்னது

விதைச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுத்தால் விற்பவருக்குத் தண்டனை கிடைக்கலாம். ஆனால் விவசாயியின் பணம் திரும்ப வர அந்தச் சட்டத்தில் வழியில்லை. இந்த இடைவெளியை 2012 ஜனவரி 16-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு தெளிவாக எடுத்துக் காட்டியது. தேசிய விதைக் கழகத்திடம் விதை வாங்கிய ஆந்திர விவசாயிகள், விதை சரியில்லாமல் நஷ்டப்பட்டு நுகர்வோர் மன்றங்களுக்குச் சென்று இழப்பீடு பெற்றார்கள். கழகம் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

விதைக்கென்று தனிச் சட்டம் இருக்கும்போது நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாகாது என்பது கழகத்தின் ஒரு வாதம். ஒப்பந்தத்தின்படி நடுவரிடம்தான் போகவேண்டும் என்பது இன்னொன்று. விதையை ஆய்வுக்கூடத்தில் சோதிக்காமல் குறை என்று எப்படிச் சொல்லலாம் என்பது மூன்றாவது. நீதிமன்றம் மூன்றையும் ஏற்கவில்லை. விதைச் சட்டத்தில் இழப்பீட்டுக்கு வழியில்லாததால் விவசாயி நுகர்வோர் மன்றத்தை நாடலாம் என்றது. விதை கெட்டதாக இருக்கும் என்று முன்கூட்டி அறியாத விவசாயி, பின்னால் சோதிப்பதற்காக ஒரு பங்கை எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்றும் கூறியது. அதே குவியலின் விதை நிறுவனத்திடம் இருந்தால், அதைச் சோதனைக்கு அனுப்பும்படி நிறுவனமே கேட்டிருக்கலாம்.

பட்டியலின் அடியில் அச்சிட்ட வரிக்கும் இந்தத் தீர்ப்புக்கும் உள்ள தொடர்பு இதுதான். இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நடுவர் நிபந்தனையே விவசாயியின் வழியை அடைக்கவில்லை என்றால், கடைக்காரர் தாமாக அச்சிட்டுக்கொண்ட ஒரு வரி அடைத்துவிடுமா?

தீர்ப்பைப் பார்த்துவிட்டு, கால் கிலோ விதையை எடுத்து வைக்க வேண்டாம் என்று முடிவுகட்ட வேண்டாம். விதை இல்லாமலும் வழக்கு நிற்கும், விதை இருந்தால் இன்னும் உறுதியாக நிற்கும். விதைதான் காரணம் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லாத புகார் தள்ளுபடியாகிவிடும்.

புகார் எங்கே, எப்படி?

முதலில் கடைக்காரருக்கும் விதை உற்பத்தி நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்ப வேண்டும். பட்டியல் எண், தேதி, குவியல் எண், விதைத்த நாள், எண்ணிப் பார்த்த செடிக் கணக்கு, மாற்று விதை ஏன் பயன்படாது என்பதற்கான காரணம், கேட்கும் தொகை ஆகியவற்றை எழுதி, 15 நாளில் பதில் கேட்கலாம். நுகர்வோர் உதவி எண் 1915-இலும் குறையைப் பதிவு செய்யலாம்.

பதில் இல்லாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முன்பு எதிர்த் தரப்பு இருக்கும் மாவட்டத்திலோ வழக்குக்குக் காரணம் எழுந்த இடத்திலோதான் புகார் செய்ய முடிந்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விவசாயி தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே செய்யலாம். நகரியிலோ புத்தூரிலோ விதை வாங்கிய அரக்கோணம் விவசாயி, வழக்குக்காக ஆந்திரத்துக்கு அலைய வேண்டியதில்லை. அரக்கோணம் வட்டத்தார் இராணிப்பேட்டை மாவட்டத்துக்கும், திருத்தணி வட்டத்தார் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் உரிய ஆணையத்தை அணுக வேண்டும்.

சாகுபடி செய்து விற்பவர் வியாபாரிதானே, நுகர்வோர் எப்படி ஆவார் என்று எதிர்த் தரப்பு கேட்கலாம். தம் உழைப்பால் பிழைப்பு நடத்துவதற்காகவே வாங்கிய பொருளை வணிக நோக்கமாகக் கருதக் கூடாது என்று சட்டமே விளக்கம் தந்திருக்கிறது.

ஆணையம் குறையை நீக்கச் சொல்லலாம், மாற்றுப் பொருள் தரச் சொல்லலாம், விலையை வட்டியுடன் திருப்பித் தரச் சொல்லலாம், இழப்பீடும் விதிக்கலாம். இவற்றில் எது பொருந்தும் என்பதை ஆணையமே முடிவு செய்யும். பட்டத்துக்குள் நல்ல மாற்று விதை தர முன்வந்தும் விவசாயி மறுத்துவிட்டார் என்று தெரிந்தால், இழப்பீடு குறைய இடமுண்டு. பட்டம் கடந்து வந்த மாற்று விதையை ஏன் மறுத்தார் என்பது கடிதத்தில் இருந்தால் அது அவருக்குத் துணை நிற்கும்.

கையெழுத்தில் கவனம்

மாற்று விதையை வாங்கும்போது, “என் குறை முழுவதும் தீர்ந்தது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று அச்சிட்ட சீட்டில் சில இடங்களில் கையெழுத்துக் கேட்பார்கள். முதல் விதைப்புக்கு ஆன செலவைப் பின்னால் கேட்பதற்கு இந்தக் கையெழுத்தே தடையாக வந்து நிற்கும். “மாற்று விதை 80 கிலோ, குவியல் எண் இன்னது, பெற்றுக்கொண்டேன். முன்பு ஏற்பட்ட நஷ்டத்துக்கு இழப்பீடு கேட்கும் உரிமையை விட்டுக் கொடுக்கவில்லை” என்று தம் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டு, நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

மாற்று விதையையும் சாக்கில் சுருட்டிச் சோதித்த பிறகே நிலத்தில் போட வேண்டும். அதுவும் 70-க்குக் கீழே நின்றால், மூன்றாவது மூட்டைக்காகக் காத்திருக்காமல் பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டு, மீதமுள்ள ஈரத்தில் எள்ளோ காராமணியோ விதைப்பது மேல். கடைக்காரரின் சரக்கு வரும்வரை ஆடிப்பட்டம் காத்திருக்காது.